ஏபிஏஆரில் தவறான குறிப்பு வந்தால் பதில் எழுதுவது எப்படி: 15 நாளில் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

மத்திய அரசு ஊழியர்களுக்கான ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கையில், அதாவது அலுவலகங்களில் எல்லோரும் ஏபிஏஆர் என்று சொல்வதில், உண்மைக்கு மாறான வரி இருந்தால் எழுத்தில் மறுக்கும் முறை இது. மாநில அரசு ஊழியர்களுக்கும், அகில இந்தியப் பணி அதிகாரிகளுக்கும், வங்கி மற்றும் பொதுத்துறை நிறுவனங்களில் இருப்பவர்களுக்கும் கெடு, விதி எல்லாம் வேறு. அவர்கள் தங்கள் விதியைப் பார்த்துவிட்டு, 3 முதல் 7 வரையுள்ள படிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் பலரும் சறுக்குவது மொழியில் அல்ல, எதை மறுப்பது என்பதில்தான். பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 2009 மே 14 அன்று வெளியிட்ட குறிப்பாணை, முறையீடு அறிக்கையிலுள்ள குறிப்பிட்ட உண்மை விவரங்களைப் பற்றி மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது. இது உங்களைக் கட்டிப்போடும் விதி போலத் தோன்றும். உண்மையில் உங்களுக்குச் சாதகமானது. முடிவெடுக்கும் அதிகாரி உங்களோடு வேலை பார்த்தவர் அல்ல. யார் பக்கமும் சாயாமல் அவரால் சரிபார்க்க முடிந்தது எண்களையும் தேதிகளையும் மட்டும்தான். அந்த இரண்டையும் அவர் கையில் வைப்பதே இந்தக் கடிதத்தின் வேலை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழு ஏபிஏஆரின் நகல், அதனோடு வந்த அனுப்புகைக் கடிதம், நீங்கள் ஏப்ரலில் எழுதிக் கொடுத்த சுயமதிப்பீட்டின் நகல், அந்த ஆண்டுக்கான வருகைப் பதிவு, உங்கள் பிரிவின் கோப்புப் பதிவேடு. சுயமதிப்பீட்டின் நகலை வைத்துக்கொள்ளாதவர்கள் ஏராளம். ஏபிஏஆரின் முதல் பகுதிகளில் அதுவும் சேர்ந்தே வரும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

1. கிடைத்த நாளைக் குறியுங்கள்

அறிக்கை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள். வேலை நாள் கணக்கு அல்ல. சனி, ஞாயிறு, பண்டிகை எல்லாம் அதில் அடக்கம். அதற்குள் எதுவும் வராவிட்டால் உங்களுக்கு மறுப்பு இல்லை என்று கொண்டு அறிக்கையை இறுதியாக்கிவிடுவார்கள்.

அறிக்கையைப் பெற்றதற்கான கையெழுத்து, அதை ஒப்புக்கொண்டதற்கான கையெழுத்து அல்ல. ஆகவே கையெழுத்துப் போட மறுத்துச் சண்டை பிடிக்க வேண்டாம். கையெழுத்துக்குக் கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, அன்றைய தேதியை உங்கள் கையாலேயே போடுங்கள். அனுப்புகைக் கடிதத்தின் தேதி ஆகஸ்ட் 26 என்றும், உங்கள் மேசைக்கு வந்தது செப்டம்பர் 2 என்றும் இருந்தால், இந்த ஒரு தேதி உங்களுக்கு ஒரு வாரம் மிச்சப்படுத்தும்.

ஸ்பாரோ இணையத்தளம் வழியாக அறிக்கை வருபவர்கள், திரையில் எதையும் அழுத்தும் முன் அது 'ஏற்கிறேன்' என்ற பொருள் தரும் பொத்தானா என்று படித்துப் பாருங்கள். அறிக்கை வெளியிடப்பட்ட நாள் தெரியும் திரையை அன்றே அச்செடுத்து வையுங்கள்.

செப்டம்பர் 2 அன்று கிடைத்தால் கடைசி நாள் 17. கடிதத்தை 12 அல்லது 13 அன்றே கொடுத்துவிடத் திட்டமிடுங்கள். கடைசி நாளில் தபால் பிரிவில் ஆள் இல்லை என்பதை யாரும் காரணமாக ஏற்பதில்லை.

2. அறிக்கை முழுமையானதா, எழுதத் தகுதி உள்ளவர் எழுதியதா என்று பாருங்கள்

உள்ளடக்கத்துக்குள் போகும் முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று பிசகியிருந்தால், மற்ற எல்லா வாதங்களையும்விட அதுவே வலுவானது.

முதலாவது, அறிக்கை முழுமையாகத் தரப்பட்டிருக்கிறதா? ரிப்போர்ட்டிங் அதிகாரி, ரிவ்யூயிங் அதிகாரி இருவரின் குறிப்புகளும், நேர்மை பற்றிய பத்தியும், மொத்த மதிப்பெண்ணும் இருக்க வேண்டும். பாதகமான பத்தியை மட்டும் தட்டச்சு செய்து கொடுத்திருந்தால், முழு நகல் கேட்டு அன்றே ஒரு வரிக் கடிதம் கொடுங்கள். ஆனால் அது வரட்டும் என்று காத்திருக்காமல், கிடைத்ததற்கான பதிலைத் தயாரித்துக்கொண்டே இருங்கள்.

இரண்டாவது, எழுதிய அதிகாரி உங்கள் வேலையைக் குறைந்தது மூன்று மாதமாவது மேற்பார்வை செய்தவரா? ஜனவரி 20 அன்று பொறுப்பேற்றவர் மார்ச் 31 வரையிலான காலத்துக்கு எழுதியிருந்தால் மூன்று மாதம் நிரம்பவில்லை. அவர் பொறுப்பேற்ற ஆணையின் எண்ணும் தேதியும் இருந்தால் போதும்.

மூன்றாவது, சொல்லப்பட்ட சம்பவம் அந்த ஆண்டுக்குள் நடந்ததா? அறிக்கை ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான காலத்துக்கானது. எழுதுபவரோ மே, ஜூன் மாதங்களில் உட்கார்ந்து எழுதுகிறார். மே மாதத்தில் நடந்த தகராறு மார்ச்சுடன் முடிந்த அறிக்கைக்குள் நழுவி வந்துவிடுவது நாம் நினைப்பதைவிட அதிகமாகவே நடக்கிறது.

3. ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தியாக்குங்கள். அறிக்கையில் உங்களுக்கு உறுத்தும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படியே, ஒரு சொல்லும் மாற்றாமல், இம்மூன்றில் ஒன்றில் எழுதுங்கள்: உண்மை விவரம், கருத்து, கணக்கு.

சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஓய்வூதியக் கோப்புகளைப் பார்க்கும் ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து கடைசி வரை இந்த எடுத்துக்காட்டே வரும். அவருடைய அறிக்கையில் இவை இருக்கின்றன:

- 'பெரும்பாலான ஓய்வூதியக் கோப்புகளைக் குறித்த காலத்துக்குள் அனுப்பவில்லை.'
- 'அடிக்கடி தாமதமாக அலுவலகம் வருகிறார்.'
- 'பயிற்சிகளுக்குச் செல்ல முன்வருவதில்லை.'
- 'முன்முயற்சி குறைவு.'
- மொத்த மதிப்பெண் 5.61.

முதல் மூன்றும் உண்மை விவரங்கள். நடந்ததா, நடக்கவில்லையா என்று பதிவேட்டைத் திறந்து பார்த்துச் சொல்லிவிடலாம். நான்காவது கருத்து. ஐந்தாவது கணக்கு.

'பெரும்பாலான', 'அடிக்கடி' போன்ற சொற்களின் கீழே கோடு போடுங்கள். ஒரு முறைகூடத் தாமதமே இல்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பாதிக்கு மேல் தாமதமில்லை என்று காட்டினாலே 'பெரும்பாலான' விழுந்துவிடும். இதைக் கவனிக்காமல், தேவையில்லாத அளவுக்குப் பெரிய மறுப்பை எழுதித் தாங்களாகவே மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. 'நான் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை' என்று எழுதியவரிடம் பயோமெட்ரிக் பதிவில் ஒரே ஒரு தாமதம் இருந்தாலும், கடிதம் முழுவதும் நம்பகம் இழக்கும்.

கருத்துப் பத்தியில் விழுந்தவற்றை என்ன செய்வது? அந்தக் கருத்துக்குக் காரணமாக ஒரு சம்பவம் சொல்லப்பட்டிருந்தால் அந்தச் சம்பவத்தை உண்மை விவரப் பத்திக்கு மாற்றுங்கள். காரணம் எதுவும் சொல்லப்படாமல் 'முன்முயற்சி குறைவு' என்று மட்டும் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். 'எனக்கு முன்முயற்சி அதிகம்' என்று எழுதுவது ஒரு கருத்துக்கு இன்னொரு கருத்தைப் பதிலாக வைப்பது. விதி அனுமதிக்கும் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது, மேலும் மற்ற மூன்று வலுவான மறுப்புகளின் கனத்தையும் குறைக்கிறது.

4. ஒவ்வொரு உண்மை விவரத்துக்கும் ஒரு ஆவணம் தேடுங்கள்

ஆவணம் கிடைக்காத மறுப்பைக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். இதில் கறாராக இருப்பது நல்லது.

கோப்புகளுக்கு: கோப்புப் பதிவேட்டில் வந்த தேதியையும் அனுப்பிய தேதியையும் வரிசையாக எடுங்கள். நம் ஊழியரிடம் அந்த ஆண்டு வந்தவை 42 கோப்புகள். 30 நாளுக்குள் சென்றவை 35. மீதி 7ல் 5 கோப்புகளுக்கு வேறு அலுவலகங்களிலிருந்து சர்வீஸ் புக் வரவில்லை. கேட்டு எழுதிய கடிதங்களின் எண்களும் தேதிகளும் பதிவேட்டில் உள்ளன. கடைசி 2 கோப்புகள் அவர் மேசையிலேயே தாமதமானவை.

வருகைக்கு: அந்த 12 மாதத்துக்கான வருகைப் பதிவின் அச்சு. அதில் 3 நாள் தாமதம். அவற்றில் 2 நாள்களுக்கு முன்னனுமதி பெற்ற கடிதம் உண்டு.

பயிற்சிக்கு: நவம்பரில் மூன்று நாள் பயிற்சி முடித்த சான்றிதழ். பிப்ரவரியில் இரண்டாவது பயிற்சிக்குப் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. ஆண்டு இறுதி வேலைப்பளு காரணமாக விடுவிக்க இயலாது என்று அலுவலகமே எழுதிய கடிதம் ஒன்று.

சுயமதிப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள். அதில் '42ல் 35 கோப்புகள் குறித்த காலத்தில்' என்று நீங்கள் எழுதியிருந்து, ரிப்போர்ட்டிங் அதிகாரி 'ஊழியர் கூறியதோடு உடன்படுகிறேன்' என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே 'பெரும்பாலான கோப்புகள் தாமதம்' என்றும் எழுதியிருந்தால், இதைவிட நல்ல ஆவணம் வேறில்லை. அறிக்கை தன்னையே மறுக்கிறது. உடன்படவில்லை என்றால் அதற்கான விவரத்தை அவர் அங்கே தந்திருக்க வேண்டும். தந்திருக்கிறாரா என்று பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து ஆவணம் வாங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். அதற்குப் பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள் உண்டு, உங்களுக்கு இருப்பதோ 15. உங்கள் பொறுப்பில் இல்லாத கோப்பின் குறிப்புப் பக்கங்களை நகலெடுத்து இணைக்கவும் வேண்டாம். அது நடத்தை விதி மீறல் என்று தனி வழக்காகத் திரும்பக்கூடும். கோப்பு எண்ணையும் பக்க எண்ணையும் குறிப்பிட்டு, 'தேவைப்பட்டால் அழைத்துப் பார்க்கலாம்' என்று எழுதினால் போதும்.

5. மதிப்பெண்ணைக் கூட்டிப் பாருங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. பணிவெளிப்பாட்டுக்கு 40 விழுக்காடு, தனிப்பண்புகளுக்கு 30, செயல் தகுதிக்கு 30. ஒவ்வொரு தொகுதியிலும் உள்ள மதிப்பெண்களின் சராசரியை எடுத்து, இந்த விகிதத்தில் கூட்டினால் வருவதே மொத்த மதிப்பெண்.

நம் ஊழியருக்குப் பணிவெளிப்பாடு 5.4, தனிப்பண்புகள் 6.0, செயல் தகுதி 5.5. பெருக்கினால் 2.16, 1.80, 1.65. மொத்தம் 5.61. கூட்டல் சரி. ஆனால் செயல் தகுதித் தொகுதிக்குள் போனால் ஆறு இனங்களுக்கு 6, 7, 5, 6, 6, 6 என்று இருக்கிறது. கூட்டுத்தொகை 36, சராசரி 6.0. அறிக்கையில் 5.5 என்று எழுதப்பட்டிருப்பது கணக்குப் பிழை. திருத்தினால் 1.65க்குப் பதில் 1.80, மொத்தம் 5.76.

இந்தப் பின்னம் ஏன் முக்கியம் என்றால், 4 முதல் 6க்குக் கீழ் வரை 'நன்று', 6 முதல் 8க்குக் கீழ் வரை 'மிக நன்று', 8 முதல் 10 வரை 'மிகச் சிறப்பு'. எம்ஏசிபி எனப்படும் ஊதிய உயர்வுத் திட்டத்துக்கு 2016 ஜூலை 25 முதல் 'மிக நன்று' தேவை. ஆகவே 5.76 ஆனாலும் நம் ஊழியர் கோட்டுக்குக் கீழேதான். கணக்குத் திருத்தம் மட்டும் அவருக்குப் போதாது. பணிவெளிப்பாடு 6.0 ஆனால் 2.40 கிடைக்கும், 2.40, 1.80, 1.80 சேர்ந்து சரியாக 6.0. அந்தத் தொகுதியின் மதிப்பெண் எதை வைத்துப் போடப்பட்டது? 'பெரும்பாலான கோப்புகள் தாமதம்' என்ற வாக்கியத்தை வைத்து. கடிதத்தின் முழு பலமும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் விழ வேண்டும் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் தெரிகிறது. வருகையும் பயிற்சியும் இரண்டாம் இடம்.

6. கடிதத்தை எழுதுங்கள்

இரண்டு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும், இணைப்புகள் தனி. அறிக்கையோடு வந்த அனுப்புகைக் கடிதத்தில் யாருக்கு முறையிட வேண்டும் என்று இருக்கிறதோ அவருக்கே, உரிய வழியில் எழுதுங்கள். ரிப்போர்ட்டிங் அதிகாரியின் பெயரை முகவரியில் போட்டு அவரோடு வாதிடும் கடிதமாக்க வேண்டாம். பதவிப் பெயர் போதும். சங்கத்துக்கோ மக்கள் பிரதிநிதிக்கோ நகல் அனுப்புவது வெளிச்செல்வாக்கைப் பயன்படுத்துவதாகக் கொள்ளப்படும். நடத்தை விதியில் அதற்குத் தனி விதியே உண்டு.

நடைமுறையில் இது ஆங்கிலத்தில்தான் போகும். அடுக்கும் முறையையும் தொனியையும் காட்ட, தமிழில்:

> பொருள்: 2023–24ஆம் ஆண்டுக்கான ஏபிஏஆரில் உள்ள சில உண்மை விவரங்கள் குறித்த முறையீடு
>
> பார்வை: தங்கள் அலுவலக அனுப்புகைக் கடிதம், நாள் 26 ஆகஸ்ட்; செப்டம்பர் 2 அன்று பெறப்பட்டது.
>
> ஐயா,
>
> மேற்கண்ட அறிக்கையைப் பெற்றுக்கொண்டேன். அதில் உள்ள மூன்று குறிப்புகளும் ஒரு சராசரியும் அலுவலகப் பதிவுகளோடு பொருந்தவில்லை என்பதைத் தங்கள் பரிசீலனைக்குப் பணிவுடன் வைக்கிறேன்.
>
> 1. பணிவெளிப்பாடு பகுதியில், 'பெரும்பாலான ஓய்வூதியக் கோப்புகளைக் குறித்த காலத்துக்குள் அனுப்பவில்லை' என்று உள்ளது. கோப்புப் பதிவேட்டின்படி அந்த ஆண்டில் எனக்கு வந்தவை 42. அவற்றில் 35 கோப்புகள் 30 நாளுக்குள் அனுப்பப்பட்டன. 5 கோப்புகள் பிற அலுவலகங்களிலிருந்து சர்வீஸ் புக் வராததால் நிலுவையில் இருந்தன. கேட்டு எழுதிய கடிதங்களின் விவரம் இணைப்பு 1ல் உள்ளது. 2 கோப்புகள் என் நிலையிலேயே முறையே 6 நாளும் 9 நாளும் தாமதமாயின.
>
> 2. 'அடிக்கடி தாமதமாக அலுவலகம் வருகிறார்' என்று உள்ளது. வருகைப் பதிவின்படி ஆண்டில் 3 நாள் தாமதம். அவற்றில் 2 நாள்களுக்கு முன்னனுமதி பெறப்பட்டது. (இணைப்பு 2)
>
> 3. 'பயிற்சிகளுக்குச் செல்ல முன்வருவதில்லை' என்று உள்ளது. நவம்பரில் மூன்று நாள் பயிற்சி முடித்துள்ளேன். பிப்ரவரிப் பயிற்சிக்கு வேலைப்பளு காரணமாக அலுவலகத்தால் விடுவிக்கப்படவில்லை. (இணைப்பு 3, 4)
>
> 4. செயல் தகுதிப் பகுதியில் ஆறு இனங்களின் கூட்டுத்தொகை 36, சராசரி 6.0. அறிக்கையில் 5.5 எனப் பதிவாகியுள்ளது.
>
> எனவே, (அ) பத்தி 1 முதல் 3 வரை குறிப்பிட்ட வாக்கியங்களைப் பதிவுகளின்படி திருத்தவும், (ஆ) செயல் தகுதிச் சராசரியை 6.0 எனத் திருத்தவும், (இ) முதல் குறிப்பின் அடிப்படையில் அமைந்த பணிவெளிப்பாட்டு மதிப்பெண்ணையும் மொத்த மதிப்பெண்ணையும் மறுபரிசீலனை செய்யவும் வேண்டுகிறேன். தேவைப்பட்டால் அசல் ஆவணங்களுடன் நேரில் வரத் தயாராக உள்ளேன்.

ஒவ்வொரு பத்தியிலும் ஒரே வரிசை: அவர்கள் எழுதியது, பதிவு சொல்வது, ஆவணம் இருக்கும் இடம். படிப்பவர் அறிக்கையை இடக்கையிலும் கடிதத்தை வலக்கையிலும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவே இந்த வரிசை. அறிக்கையின் வாக்கியத்தை உங்கள் சொற்களில் சுருக்கினால் 'நான் அப்படி எழுதவில்லையே' என்ற ஒரு வரியில் உங்கள் மறுப்பு போய்விடும்.

தாமதமான 2 கோப்புகளைத் தாமாகவே ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். முடிவெடுப்பவர் ரிப்போர்ட்டிங் அதிகாரியிடம் கருத்துக் கேட்க விதி இடம் தருகிறது. பெரும்பாலும் கேட்பார். அந்த இரண்டும் அப்போது அங்கிருந்து வந்தால் நீங்கள் மறைத்ததாக ஆகும். நீங்களே சொல்லிவிட்டால் 42ல் 2 என்ற அளவோடு நிற்கும்.

கோரிக்கையும் துல்லியமாக இருக்க வேண்டும். 'தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்' என்று முடித்தால், வாக்கியத்தை மட்டும் திருத்தி மதிப்பெண்ணை அப்படியே விட்டுவிட வாய்ப்புண்டு. அதே நேரம் '8 தர வேண்டும்' என்று எண் கேட்கவும் வேண்டாம். கணக்குப் பிழைக்கு மட்டும் எண்ணைச் சொல்லலாம். அது மதிப்பீடு அல்ல, கூட்டல்.

7. கொடுக்கும் முன் சொற்களைச் சலியுங்கள்

ஓர் இரவு தள்ளிவைத்து, மறுநாள் உரிச்சொற்களையும் வினையடைகளையும் மட்டும் தேடிப் படியுங்கள். 'முற்றிலும் பொய்', 'வேண்டுமென்றே', 'உள்நோக்கத்துடன்', 'மனவேதனை அளிக்கிறது' ஆகிய எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். 'பொய்' என்றால் எழுதியவரின் நோக்கத்தையும் சேர்த்து நீங்கள் நிரூபிக்க வேண்டும். 'பதிவோடு பொருந்தவில்லை' என்றால் பதிவே நிரூபித்துவிடும்.

உள்நோக்கம் உண்மையிலேயே இருந்தால்? எழுத்தில் ஆதாரம் இருந்தால் தனிப் பத்தியில், அந்த ஆவணத்தின் தேதியோடு, ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். சந்தேகம் மட்டும் என்றால் இந்தக் கடிதத்தில் அதற்கு இடமில்லை.

சக ஊழியருடன் ஒப்பிடும் வரிகளையும் நீக்குங்கள். 'என்னைவிடக் குறைவாக வேலை செய்தவருக்கு 7' என்பது உங்கள் கோப்புகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவருடைய அறிக்கை உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வியைத்தான் கிளப்பும். கடந்த ஐந்து ஆண்டு மதிப்பெண்களை அடுக்குவதும் பெரிதாக உதவாது. ஒவ்வோர் ஆண்டின் அறிக்கையும் தனி. வேண்டுமானால் ஒரு வரி போதும்.

பணிவு என்பது கெஞ்சல் அல்ல. 'தங்கள் கருணையால்', 'ஏழை ஊழியன்' என்றெல்லாம் எழுதினால், பிழையைத் திருத்தும் விண்ணப்பம் சலுகை கேட்கும் மனுவாக மாறிவிடும். தொடக்கத்தில் ஒரு 'பணிவுடன்', கடைசியில் ஒரு 'வேண்டுகிறேன்'. அவ்வளவே.

8. கொடுத்து, எண்ணோடு ஒப்புகை வாங்குங்கள்

கடிதத்தின் இரண்டு நகல்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் டைரி எண், தேதி, முத்திரை மூன்றும் வாங்குங்கள். முத்திரை மட்டும் இருந்து தேதி இல்லையென்றால் அதனால் பயனில்லை. விடுப்பிலோ வெளியூரிலோ இருந்தால் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, அதே நாளில் அலுவலக மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஸ்பாரோவில் சமர்ப்பிப்பவர்கள் சமர்ப்பித்த பின் வரும் திரையை அச்செடுத்து வையுங்கள்.

இணைப்புகளில் ஒவ்வொன்றின் மேல் வலது மூலையிலும் 'இணைப்பு 1' என்று எழுதி, பக்க எண் இட்டு, கடிதத்தின் கீழே மொத்தப் பக்கங்களைக் குறியுங்கள். கோப்பு கைமாறும்போது முதலில் காணாமல் போவது இணைப்புகள்தான்.

ரிப்போர்ட்டிங் அதிகாரிக்கு முன்கூட்டியே சொல்லலாமா? சொல்வது நல்லது. 'இரண்டு மூன்று விவரங்கள் பதிவோடு ஒத்துவரவில்லை சார், எழுத்தில் கொடுக்கிறேன்' என்று சொன்னால் போதும். எப்படியும் அவர் மேசைக்குக் கருத்துக் கேட்டு வரத்தான் போகிறது. முதல் முறையாக அங்கே பார்த்தால் அவர் காப்பு நிலைக்குப் போய்விடுவார். ஆனால் கடிதத்தைக் கொடுக்காமலே வாய்மொழியில் சரிசெய்து தருகிறேன் என்று அவர் சொன்னால், 15 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

9. அதன் பிறகு

முறையீடு கிடைத்த 30 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். முடிவு ஏபிஏஆர் பிரிவுக்கு வந்த 15 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆக, ஒன்றரை மாதம். அதற்குள் எதுவும் வராவிட்டால் டைரி எண்ணைக் குறிப்பிட்டு மூன்றே வரியில் நினைவூட்டல் கொடுங்கள். புதிய வாதங்களை அதில் சேர்க்க வேண்டாம்.

நிராகரித்தால் ஆணையைப் படியுங்கள். உங்கள் நான்கு பத்திகளுக்கும் தனித்தனியே பதில் இருக்கிறதா, அல்லது 'பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலவில்லை' என்று ஒரே வரியா? காரணம் சொல்லாத ஆணைதான் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் எளிதில் உடைவது. தமிழ்நாட்டில் உள்ளவர்களுக்கு அதன் சென்னை அமர்வு. இறுதி ஆணை கிடைத்ததிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். பதிலே வராவிட்டால், முறையீடு கொடுத்து ஆறு மாதம் கழிந்த பிறகு ஓராண்டு. நிராகரித்த பின்னும் அதே விஷயத்துக்கு மீண்டும் மீண்டும் மனுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்த ஓராண்டு நீளாது. நிறையப் பேர் கெடுவைத் தவறவிடுவது இங்கேதான்.

ஏற்றுக்கொண்டால், வாக்கியம், தொகுதிச் சராசரி, மொத்த மதிப்பெண் மூன்றும் மாறியிருக்கின்றனவா என்று திருத்தப்பட்ட அறிக்கையின் நகல் கேட்டுப் பாருங்கள். பதவி உயர்வுக் குழுவின் முன் வைக்கப்படும் ஏபிஏஆர் கோப்பில் திருத்த ஆணையும் சேர்க்கப்பட்டதா என்று, குழு கூடும் முன் பிரிவில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆணை கடிதக் கோப்பிலும், பழைய 5.61 ஏபிஏஆர் கோப்பிலுமாகத் தனித்தனியே கிடந்தால், குழு பார்ப்பது 5.61ஐத்தான்.